உளுந்தூர்பேட்டையின் எட்டாம் வள்ளல்

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கேட்டவர்க்கெல்லாம் குதிரைகளை வாரிக் கொடுத்தவன் என்று பெயர். அவனுடைய பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு இதில் நெடுநாளாக ஒரு மனக்குறை. அவன் கொடுத்ததெல்லாம் அவன் சொந்தப் பொருள்தானே? அதைக் கொடுப்பதில் என்ன பெரிய வீரம்? தனக்குச் சொந்தமில்லாததை, கட்சிக்காரனே தருவதாகச் சொல்லாததை, இரு கையாலும் அள்ளி வழங்குகிற ஒருவர் உளுந்தூர்பேட்டையில் இருக்கிறார். தேர்தல் வந்துவிட்டால், டெல்லியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் அறிக்கையைத் தமிழ் நோட்டீசாக்கிக் கொடுப்பவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். ஆகவே வள்ளல் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஊர் அவருக்கு வாய்த்த ஊர். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சேலத்துக்குப் பிரிகிற இடம் இது. பிரசார வேன் எதுவும் எங்களைத் தொடாமல் போகாது. 2019 நவம்பரிலிருந்து எங்கள் மாவட்டம் கள்ளக்குறிச்சி, ஆனால் நாடாளுமன்றத் தொகுதி இன்றும் விழுப்புரம். ஆகவே ஒரே வாக்குறுதி இரண்டு திசையிலிருந்து இரண்டு விதத் தமிழில் எங்களிடம் வந்து சேரும். மூன்றாவது விதத்தை வள்ளல் தருவார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சிரிப்பை வரவழைக்கும் தவறுகள் அவரிடம் கிடையா. 2018இல் சென்னையில் ஒரு கட்சிக் கூட்ட மேடையில் நுண்ணீர்ப் பாசனம் 'சிறுநீர்ப் பாசனம்' ஆகி, சமூக வலைத்தளங்களில் ஊரே சிரித்தது. அப்படிப்பட்ட பிழை செய்கிறவர் கத்துக்குட்டி. அடுத்த நிமிடமே பிடிபட்டுவிடுவார். அந்தப் பிழையால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. எங்கள் வள்ளலின் தமிழோ ஆற்றொழுக்கு. படித்தால் எங்கும் இடறாது. மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மட்டுமே இடறும், அந்தக் கெட்ட பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

அவர் கைவண்ணத்தை முழுதாகப் பார்க்கவேண்டுமென்றால் 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போகவேண்டும். அந்த ஏப்ரல் 2ஆம் தேதி வெளியான காங்கிரஸ் தேர்தல் அறிக்கையில் நீட் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதன் சாரம் இது: நீட் சில மாநில மாணவர்களுக்குப் பாரபட்சமானது, ஆகவே அதைக் கைவிட நடவடிக்கை எடுப்போம், அதன் இடத்தில், அதே தரத்திலான வேறொரு தேர்வை, மாநில அரசுகளும் உரிய அமைப்பும் ஏற்றுக்கொண்ட ஒன்றை, மாநில அளவில் நடத்த வழிசெய்வோம், அந்தத் தேர்வு அந்தந்த மாநிலத்து மாணவர்களின் மருத்துவச் சேர்க்கைக்கு.

வள்ளல் இதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு முழுப் பத்தியை இரண்டே சொல்லில் அடக்கினார்: 'நீட் ரத்து!' ஆச்சரியக்குறி அவர் உபயம்.

இந்தச் சிக்கனத்தின் அருமையை மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. 'நடவடிக்கை எடுப்போம்' என்பது செய்கிறேன் என்ற உறுதியல்ல, செய்யத் தொடங்குகிறேன் என்ற உறுதி. நடவடிக்கை எடுத்தும் காரியம் நடக்காமல் போனால், வாக்கு மீறியதாக யாரும் கேட்கமுடியாது. அதை அவர் 'ரத்து' ஆக்கியதும் தொடக்கம் முடிவாகிவிட்டது. இதைவிட அழகு, அந்த மாற்றுத் தேர்வு காணாமல் போன விதம். தமிழ்நாட்டில் 'ரத்து' என்றால் பெற்றோர் மனத்தில் என்ன தோன்றும்? 2006இல் மாநிலச் சட்டம் வந்து, 2007 முதல் நீட் வரும்வரை, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மருத்துவ இடம் கொடுத்த காலம்தான் தோன்றும். அந்த அறிக்கை சொன்னது அதையல்ல. ஒரு நுழைவுத் தேர்வு போய் இன்னொரு நுழைவுத் தேர்வு வரும் என்றது. மூலத்தில் இருந்த தேர்வை நீக்கிவிட்டு, மூலத்தில் இல்லாத பிளஸ் டூ மதிப்பெண்ணை வாசகரே நிரப்பிக்கொள்ள விட்டார் பாருங்கள், அதுதான் கொடை. அந்த நோட்டீசைப் படித்துவிட்டுக் கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டவேண்டாம் என்று ஒரு தகப்பன் முடிவெடுத்தால், அந்தச் சேமிப்பும் வள்ளல் தந்ததே.

"ஏண்ணே, 'நீட்டுக்குப் பதில் அதே தரத்தில் மாநில அளவில் வேறு தேர்வு கொண்டுவர நடவடிக்கை'ன்னு போட்டா ஒரே வரிதானே?" என்று கேட்டேன்.

"தம்பி, அதைப் படிச்சிட்டு எவன் கை தட்டுவான்?" என்றார். நியாயமான கேள்வி. மொழிபெயர்ப்பின் தரத்தைக் கைதட்டலால் அளக்கும் முறையை அவர்தான் எங்கள் பக்கம் கொண்டுவந்தார்.

தமிழில் வினைமுற்றுக்கு ஏணிப்படிபோல வரிசை உண்டு என்று நம் கட்சிகளின் அறிக்கைகளை எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'செய்வோம்' உச்சிப்படி. அதன் கீழே 'செய்ய நடவடிக்கை எடுப்போம்'. இன்னும் கீழே 'முயல்வோம்', 'பரிசீலிப்போம்'. தன் கையில் அதிகாரமே இல்லாத விஷயத்துக்கு 'மத்திய அரசை வலியுறுத்துவோம்'. இந்தக் கடைசிச் சொல்லுக்குப் பின்னால் ஓர் அரசியலமைப்புச் சட்டமே இருக்கிறது. ரயில்வேயும் வருமான வரியும் கோட்டையில் தீர்மானமாவதில்லை. வள்ளலிடம் இந்த ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நோட்டீசுக்குப் பணம் கொடுத்த கட்சியின் 'வலியுறுத்துவோம்' அவர் கையில் 'பெற்றுத் தருவோம்' என்று ஏறும். எதிர்க்கட்சியின் 'செய்வோம்' அதே கையால் 'செய்யப்போவதாகக் கூறிக்கொள்கிறார்கள்' என்று இறங்கும். எங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மிளகு மூட்டையோடு வந்த வணிகன் ஆசையில் 'இது உளுந்து' என்று பொய் சொல்ல, சிவன் அத்தனை மிளகையும் உளுந்தாக்கிவிட்டாராம். உளுந்தாண்டார் கோயில் மாஷபுரீஸ்வரருக்கு மிளகை உளுந்தாக்க மட்டுமல்ல, வணிகன் அழுதபின் உளுந்தைத் திரும்ப மிளகாக்கவும் தெரிந்திருந்தது. வள்ளல் இன்னும் முதல் பாதியைத்தான் பயின்றிருக்கிறார்.

எண்களில் அவர் திறமை தனி. எண்ணைத் திருத்தவே மாட்டார். அது பாவம் என்பார். எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற சொல்லை மட்டும் அப்புறப்படுத்துவார்.

அதே 2019 அறிக்கையின் பெரிய வாக்குறுதி 'நியாய்' திட்டம். நாட்டின் மிக ஏழைகளான 20 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு, அதாவது சுமார் 5 கோடிக் குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 72,000 ரூபாய். முடிந்தவரை குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்கில். திட்டத்தை வடிவமைக்க 3 மாதம், சோதித்துப் பார்க்க 6 முதல் 9 மாதம், பிறகு படிப்படியாக விரிவு. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்துவது. இத்தனையும் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. வள்ளலின் தமிழில்: 'ஏழைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 6,000!'

கணக்கு சரிதான், 72,000ஐ 12ஆல் வகுத்தால் 6,000 வரும். ஆனால் 'குடும்பத்துக்கு' என்பது 'ஒவ்வொருவருக்கும்' ஆனது சின்ன விஷயமில்லை என்று எனக்குப் பட்டது. நான் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 5 கோடிக் குடும்பம், 72,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3.6 லட்சம் கோடி. பெரிய தொகை, ஆனாலும் விவாதிக்கக்கூடிய தொகை. அந்தக் குடும்பங்களில் 25 கோடிப் பேர் என்று அந்தக் கட்சியே சொன்னது. தலைக்கு 72,000 என்று கொண்டால் 18 லட்சம் கோடி. அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்த பட்ஜெட்டே 28 லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. பெண்களுக்கு மட்டும் என்று பாதியாக்கினாலும் 9 லட்சம் கோடி. ஒரு மொழிபெயர்ப்பு எண்ணைத் தூக்கிவிட்டதா என்று பார்க்க இந்தப் பெருக்கலைவிட எளிய வழி எனக்குத் தெரியாது: யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்றையும் போட்டுப் பெருக்கி, மூல அறிக்கையின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வள்ளல் என் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, கொடுக்கறதுன்னு வந்தாச்சு, அதுல கணக்குப் பாக்கலாமா?" என்றார். காரி கேட்டிருந்தால் அவனே எழுந்து நின்று வணங்கியிருப்பான்.

காலத்தை மாற்றும் வித்தையை அவர் பெரிய இடங்களிலிருந்து கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். 2019 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் சிறு விவசாயிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று பா.ஜ.க. அரசு அறிவித்தது. ராகுல் காந்தி அதை நாளைக்கு 17 ரூபாய் என்று வகுத்து, இது விவசாயிக்கு அவமானம் என்றார். அவர் கட்சியின் 72,000 வந்தபோது அதே வகுத்தல் மறந்துபோனது. ஐந்து ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் என்று பெருக்கலாயிற்று. எந்த எண்ணும் பொய்யில்லை. பிறத்தியான் பணத்தை நாளால் வகுப்பதும் தன் பணத்தை ஐந்தாண்டால் பெருக்குவதும்தான் கலை. மூலம் 'ஆண்டுக்கு' என்றால் மொழிபெயர்ப்பும் 'ஆண்டுக்கு' என்றே நிற்கவேண்டும் என்று சொல்கிற வறட்டுப் பேர்வழிகள் இந்தக் கலையை அனுபவிக்கத் தெரியாதவர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஆனால் மின்சார யூனிட்டில் வள்ளலே கொஞ்சம் ஏமாந்தார் என்பது என் எண்ணம். 2016இல் அ.தி.மு.க. கொடுத்த வாக்குறுதி 100 யூனிட் இலவசம். பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்திட்ட ஆணைகளில் அதுவும் ஒன்று. அந்த 100 யூனிட் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏனென்றால் நம் வீட்டுக்கு மீட்டர் பார்க்க ஆள் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். இதை நமக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. டெல்லியில் 2019 ஆகஸ்டில் வந்த 200 யூனிட் இலவசமோ மாதத்துக்கு. நம் இரண்டு மாதக் கணக்கில் பார்த்தால் அது 400. வள்ளல் 'டெல்லியில் 200, இங்கே 100' என்று போட்டார். டெல்லி வாக்குறுதி பாதியாகக் குறைந்தது. போதாதென்று இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் 100 யூனிட் எவ்வளவு செலவழித்தாலும் முதல் 100க்குக் கழியும். டெல்லியில் மாதம் 200ஐத் தாண்டினால் முழு இலவசம் போய்விடும். 400 வரை பாதிச் சலுகை, அதற்கு மேல் அதுவும் இல்லை. ஆக, டெல்லித் திட்டம் ஒரு பக்கம் நம்மைவிடப் பெரிது, மறுபக்கம் நம்மைவிடக் கடிது. இரண்டையும் சொல்ல 'மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு' என்ற ஒரு சொற்றொடர் போதும். 'யூனிட் எல்லா ஊரிலும் யூனிட்தானே' என்பது வள்ளலின் சித்தாந்தம். யூனிட் ஒன்றுதான், பில் ஒன்றல்ல.

நிபந்தனைகளை அவர் வெறுப்பவர் அல்லர். அவற்றை வெளியே சொல்லி ஏழைகளின் மனத்தைப் புண்படுத்தக்கூடாது என்று நினைப்பவர். இதில் அவருக்கு வழிகாட்டி 15 லட்சம். 2013 நவம்பரில் சத்தீஸ்கரின் காங்கேரில் நரேந்திர மோடி இந்தியில் பேசியது, வெளிநாட்டு வங்கிகளில் கிடக்கும் கறுப்புப் பணத்தைக் கொண்டுவந்தால் ஒவ்வோர் ஏழைக்கும் 15, 20 லட்சம் சும்மாவே கிடைக்கும் என்ற பொருளில். அது மேடைப் பேச்சு; அறிக்கை அல்ல. தமிழில் அதை மாற்ற ஒரே ஓர் அசை போதுமானதாயிருந்தது. 'கொண்டுவந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' போய்க் 'கொண்டுவந்து' ஆயிற்று. 'கிடைக்கும்' தானாகவே 'போடுவேன்' ஆயிற்று. உடனே அது நம் டீக்கடையில் வங்கிக் கணக்கில் வரவேண்டிய பாக்கியாகிவிட்டது. பேசியவருக்கும் அந்த 'ஆல்' நன்றாகக் காதில் விழவேண்டும் என்ற தவிப்பு இருந்ததாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். நிபந்தனை மங்கலாக ஒலித்தால் மங்கலாகவே மொழிபெயர்க்கவேண்டும், அழிக்கக்கூடாது. வள்ளல் மங்கலானதை எல்லாம் வெள்ளையடிப்பார். சுத்தமான மனிதர்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நிபந்தனை மறைவதும் உண்டு, அதற்கும் ஓர் உள்ளூர்ச் சாட்சி வேண்டுமே. 2021 தேர்தலில் தி.மு.க. சொன்னது குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2023 மார்ச் பட்ஜெட்டில் அதன் முன்னால் 'தகுதிவாய்ந்த' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு சொல் விண்ணப்பப் படிவத்தில் விரிந்தபோது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்று நீண்டது. செப்டம்பர் 15இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது உண்மை. அன்று எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விண்ணப்பம் தள்ளுபடியான பெண்கள் கேட்ட கேள்வியும் உண்மை: இதை ஓட்டுக் கேட்கும்போதே சொல்லியிருக்கலாமே? வள்ளல் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். அந்த வாக்குறுதியை அவர் மொழிபெயர்க்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்; தன் தொழிலில் பிறர் கைவைத்துவிட்டார்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் அவர் கை குறைவதில்லை. ஒருமுறை வடக்கிலிருந்து வந்த விருந்தாளி ஒருவருக்கு 1967 தேர்தலை விளக்கினார். அண்ணாவின் முழக்கம் நமக்கெல்லாம் மனப்பாடம்: ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஒரே வரியில் இரண்டு தரத்து வாக்கு. மூன்று, போய்ச் சேர விரும்பும் இடம். ஒன்று, கேட்டு வாங்கக்கூடிய கடன். வள்ளல் ஆங்கிலத்தில் 'மூன்று படி தருவதாக வாக்களித்தார்கள், ஒரு படிதான் தந்தார்கள்' என்று முடித்துவிட்டார். விருந்தாளி உச்சுக்கொட்டினார். லட்சியத்தைக் கடனாக்கியதால், நிச்சயமாகச் சொன்ன ஒரு படி ஏமாற்று வேலையாகிவிட்டது. உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்த ஒரு படி சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, மற்ற ஊர்களுக்கு ஏன் வரவில்லை? நிச்சயத்தை நிச்சயமென்று மொழிபெயர்த்திருந்தால் அந்தக் கேள்வியை விருந்தாளியே கேட்டிருப்பார். மூன்று படியைச் சுமார் நான்கரை கிலோ என்று ஆங்கிலப் புத்தகங்கள் எழுதுகின்றன. படி முகத்தலளவை, கிலோ எடை. 'சுமார்' என்பதை விட்டுவிடாமல் வைத்திருப்பவர்கள் மட்டுமே ஒழுங்காகச் செய்தவர்கள். வள்ளலுக்குச் 'சுமார்' பிடிக்காது. கோழைத்தனம் என்பார்.

இத்தனைக்கும் ஒரு சோதனை முறை இருக்கிறது. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் நோட்டீசைக் கொடுத்து, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்லவேண்டும். பிறகு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வினைச்சொல்லை, எண்ணை, 'வரை', 'குறைந்தது', 'முடிந்தவரை', '-ஆல்' ஆகியவற்றை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டால் போதும். ஒரு பக்கத்தில் கோடு இருந்து மறுபக்கத்தில் இல்லையென்றால் அங்கே ஏதோ கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் இருவர் அரை மணியில் செய்துவிடுவார்கள். இதை வள்ளலிடம் சொன்னபோது, தன் நோட்டீசைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் அது மூலத்தைவிட நன்றாக இருக்கும் என்றார். மறுப்பதற்கில்லை. கட்சி அதைப் பார்த்திருந்தால் அறிக்கையையே திருத்தி எழுதியிருக்கும்.

2013 ஜூலை 5இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், நம் ஊர் டிவி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை விசாரித்துவிட்டு, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கச் சொன்னது. வாக்குறுதிக்குக் காரணமும், பணம் வரும் வழியும் பொதுவாகச் சொல்லப்படவேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2014இல் நடத்தை விதிகளில் சேர்த்தது. பணம் வரும் வழியைச் சொல்லும் பத்தியைத்தான் வள்ளல் முதலில் வெட்டுவார். "இடம் இல்லை தம்பி." தலைவர் படம் கால் பக்கம், சின்னம் கால் பக்கம் போனபின் எந்த நிபந்தனைக்குத்தான் இடம் இருக்கும்?

அடுத்த முறை உங்கள் கையில் நோட்டீஸ் வந்தால் மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள், வீசிவிடாதீர்கள். மூல அறிக்கை கட்சியின் இணையதளத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து, உங்களைப் பாதிக்கிற ஒரே ஒரு வாக்குறுதியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டு வள்ளலுக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று தோன்றினால் நோட்டீசின் அடியில் அவர் பெயரைத் தேடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அங்கே அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டும். மொழிபெயர்த்தவர் பெயரை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.